யூட்யூப் பறக்கிறது, பேங்க் சைட் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது: ரௌட்டரில் பார்க்க வேண்டிய ஒரு எண்

கேள்வி: ஃபைபர் கனெக்‌ஷன் போட்டு ரெண்டு வாரம் ஆகுது. ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்டி பாக்ஸை பிரிட்ஜ்ல போட்டு, என் சொந்த ரௌட்டர்ல யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து லாகின் பண்றேன். கூகுள், யூட்யூப், வாட்ஸ்அப் எல்லாம் சூப்பரா ஓடுது. ஆனா பேங்க் சைட்டும் ரெண்டு கவர்ன்மென்ட் போர்ட்டலும் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கவே மாட்டேங்குது. மொபைல் ஹாட்ஸ்பாட்ல அதே சைட் உடனே வருது. ஸ்பீடு டெஸ்ட் முழு வேகம் காட்டுது. டிஎன்எஸ் மாத்திப் பார்த்துட்டேன். கஸ்டமர் கேர்ல "லைன் ஓகே சார்"னு சொல்றாங்க. எங்கே தப்பு?

பதில்:

ரௌட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்த அதே பக்கத்துக்குப் போங்கள். அங்கேயே, அல்லது `Advanced` என்ற பொத்தானுக்குப் பின்னால், `MTU` என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. அதில் 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். சேமித்துவிட்டு இணைப்பை ஒருமுறை துண்டித்து மறுபடி இணையுங்கள், ஏனென்றால் இந்த அளவு லாகின் ஆகும் நேரத்தில்தான் இரு பக்கமும் பேசி முடிவாகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் இதுவே மருந்து. ஆனால் ஏன் இது வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான், வேலை செய்யாவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்றும் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈதர்நெட் கேபிளில் ஒரு பாக்கெட்டுக்குள் அதிகபட்சம் 1500 பைட் வைக்கலாம். உங்கள் கணினியும் இந்த 1500ஐ நம்பித்தான் இயங்குகிறது, அந்தப் பக்கம் பேங்க் சர்வரும் அப்படித்தான். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் இந்த வகை இணைப்புக்கு பிபிபிஓஇ என்று பெயர். 1999இல் வந்த முறை இது. ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு சிறிய உறைக்குள் போட்டு, அந்த உறையைத்தான் ஈதர்நெட் வழியே அனுப்புகிறது. உறைக்கு 6 பைட், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிப்புக்கு 2 பைட், ஆக மொத்தம் 8 பைட் போய்விடுகிறது. மீதி 1492. உங்கள் வீட்டுக்குள் 1500 செல்லும், இணைய நிறுவனத்துக்குப் போகும் அந்த ஒரு கண்ணியில் மட்டும் 1492தான் செல்லும். வெறும் 8 பைட் வித்தியாசம். அந்த எட்டில்தான் உங்கள் பேங்க் சைட் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

வழியில் ஒரு இடம் குறுகலாக இருப்பது புதிய விஷயமில்லை. இணையத்தில் அதற்கு 1990 முதலே ஒரு ஏற்பாடு உண்டு. அனுப்புகிறவர் பாக்கெட்டில் "இதைத் துண்டாக்காதே" என்று ஒரு குறி போட்டு அனுப்புவார். குறுகலான இடத்தில் இருக்கும் ரௌட்டர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, "பெரிதாக இருக்கிறது, இங்கே 1492தான் போகும்" என்று ஐசிஎம்பி என்ற வகையில் ஒரு சிறு தகவலைத் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து சர்வர் அளவைக் குறைத்துக்கொள்ளும். இந்தத் தகவல் போய்ச் சேரும்வரை சிக்கலே இல்லை. ஆனால் பல நிறுவனங்களில் ஃபயர்வாலை அமைத்தவர்கள், ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று நினைத்து மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். பிங் வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். பிங்கோடு சேர்ந்து இந்த அவசியமான தகவலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. சர்வர் 1500 அளவுப் பாக்கெட்டை அனுப்புகிறது, உங்கள் இணைய நிறுவனத்தின் கருவி அதைக் கீழே போட்டுவிட்டுத் தகவல் அனுப்புகிறது, தகவல் சர்வரை அடைவதில்லை, சர்வர் அதே 1500ஐ மறுபடி அனுப்புகிறது. பேங்க், அரசு தளம் என்று பாதுகாப்பில் கெடுபிடி அதிகமான இடங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பட்டியலில் அவையே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

யூட்யூபும் கூகுளும் ஏன் தப்பிக்கின்றன? குரோமில் அவை பெரும்பாலும் க்விக் என்ற யுடிபி வழியில் வருகின்றன. அது 1200 பைட்டை ஒட்டிய அளவில்தான் தொடங்கும், இன்னும் பெரியது போகுமா என்று தானே சோதித்த பிறகுதான் ஏற்றும். வாட்ஸ்அப் செய்திகள் சிறியவை. வேறு பெரிய தளங்கள் சில ஐசிஎம்பி தகவலை ஒழுங்காக வாங்கிக்கொள்கின்றன. இன்னும் சில, பதில் வராவிட்டால் தாமாகவே அளவைக் குறைத்துப் பார்க்கின்றன. அந்த வகைத் தளம் ஓரிரு நொடி திணறிவிட்டுப் பிறகு திறக்கும். ஸ்பீடு டெஸ்டும் ஒழுங்கான ஒரு சர்வருடன்தான் பேசுகிறது, அதனால் முழு வேகம் காட்டுகிறது. கஸ்டமர் கேரில் சொன்னதும் பொய்யில்லை. லைன் ஓகேதான்.

இப்போது உங்கள் ரௌட்டரின் பங்குக்கு வருகிறேன். எத்தனையோ சர்வர்கள் ஐசிஎம்பியை அடைத்து வைத்திருந்தும் பெரும்பாலான வீடுகளில் பிபிபிஓஇ ஒழுங்காக ஓடக் காரணம், ரௌட்டர்கள் செய்யும் ஒரு திருத்தம். கணினி ஒரு தளத்தோடு டிசிபி இணைப்பைத் தொடங்கும்போது, முதல் பாக்கெட்டிலேயே "ஒரு பாக்கெட்டில் எனக்கு இத்தனை பைட் தரவு வரை அனுப்பலாம்" என்று ஒரு எண்ணைச் சொல்லும். எம்எஸ்எஸ் என்பது அதுதான். 1500இல் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 கழித்து 1460 என்று கணினி சொல்லும். நடுவில் நிற்கும் ரௌட்டர், "என் வெளிப்பக்கம் 1492தான், அதனால் 1452" என்று அந்த எண்ணை அடித்து எழுதி அனுப்பிவிடும். சர்வருக்கு ஐசிஎம்பி தகவலே தேவையில்லை, முதலிலிருந்தே அடங்குகிற அளவில் அனுப்பும்.

ரௌட்டர் இந்த 1452ஐ எங்கிருந்து கணக்கிடுகிறது? `MTU` பெட்டியில் நீங்கள் கொடுத்த எண்ணிலிருந்துதான். அங்கே 1500 என்று எழுதியிருந்தால், திருத்த ஒன்றுமில்லை என்று 1460ஐ அப்படியே விட்டுவிடும். ஒரே ஒரு தவறான எண் இரண்டு வேலையைக் கெடுக்கிறது: போகாத அளவைப் போகும் என்று சொல்வதோடு, அந்தத் தவறிலிருந்து காப்பாற்ற இருந்த திருத்தத்தையும் அணைத்துவிடுகிறது. "எல்லா இடத்திலும் 1500தானே ஸ்டாண்டர்டு" என்று யாராவது போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

தஞ்சாவூரில் என் சித்தப்பா வீட்டில் இதே கதை. அங்கே பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டுப் பார்த்ததைச் சொன்னால் உங்கள் உலாவி சுற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது புரியும். பேங்க் தளத்தோடு இணைப்பு ஒரு நொடிக்குள் உருவாகிவிட்டது, அந்தப் பாக்கெட்டுகள் சிறியவை. கணினி பாதுகாப்பு இணைப்புக்கான வணக்கத்தை அனுப்பியது, சர்வர் அதைப் பெற்றதாக ஒப்புக்கொண்டது. அடுத்து சர்வர் தன் சான்றிதழை அனுப்ப வேண்டும். அது சுமார் 4000 பைட், அதாவது இரண்டு முழு அளவுப் பாக்கெட், கடைசியில் ஒரு சிறு துண்டு. வந்து சேர்ந்தது கடைசித் துண்டு மட்டும்தான். `TCP Previous segment not captured` என்று வயர்ஷார்க் காட்டியது. "முன்னாடி இருக்கிறது வரலை" என்று கணினி `TCP Dup ACK` அனுப்பியது. சர்வர் அதே முழு அளவுப் பாக்கெட்டைத் திரும்ப அனுப்பியிருக்க வேண்டும், ஆனால் இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் சர்வர் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். திரையில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சித்தப்பா அதற்குள் இரண்டு முறை பாஸ்வேர்டு மாற்றப் போய், அதுவும் பாதியில் நின்றிருந்தது.

வயர்ஷார்க் இல்லாமலும் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் கட்டளைத் திரையில், `curl -v https://` என்று அடித்து, அதோடு ஒட்டித் தளத்தின் பெயரைக் கொடுங்கள். `Trying` என்ற வரியைத் தாண்டி, `schannel` அல்லது `ALPN` என்று தொடங்கும் வரியோடு நின்றுவிட்டால் இதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறது. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கோளாறு வேறு, இந்தப் பதில் உங்களுக்கு உதவாது.

அளவை நேரடியாகச் சோதிக்க பிங் போதும். விண்டோஸில் `-f` என்பது "துண்டாக்காதே" என்ற குறி, `-l` என்பது தரவின் அளவு:

```
ping -f -l 1464 1.1.1.1
ping -f -l 1472 1.1.1.1
```

லினக்ஸில் இதையே இப்படிக் கொடுக்க வேண்டும்:

```
ping -M do -s 1464 1.1.1.1
ping -M do -s 1472 1.1.1.1
```

பிங் தன் பங்குக்கு 28 பைட் தலைப்பு சேர்க்கும். 1464 என்றால் மொத்தம் 1492, 1472 என்றால் மொத்தம் 1500. முதலாவதற்குப் பதில் வர வேண்டும். இரண்டாவது பிபிபிஓஇ வழியில் பொதுவாகப் போகாது, அதில் தவறில்லை. கவனிக்க வேண்டியது அது எப்படித் தோற்கிறது என்பதை. ரௌட்டரில் 1492 சரியாக இருந்தால், உடனே ரௌட்டரிடமிருந்து பதில் வரும்:

```
Reply from 192.168.1.1: Packet needs to be fragmented but DF set.
```

ரௌட்டர் தன் எல்லையை அறிந்து வாசலிலேயே சொல்லிவிடுகிறது என்று பொருள். சித்தப்பா வீட்டில் அப்படி வரவில்லை. 1464க்குப் பதில் வந்தது, 1472க்கு நான்கு முறையும் `Request timed out.` மட்டும். ரௌட்டர் 1500 போகும் என்று நம்பி, 8 பைட் உறையும் போட்டு, 1508 பைட்டாக ஓஎன்டியிடம் கொடுத்திருக்கிறது. ஓஎன்டி அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. அது வெறும் பிரிட்ஜாக இருக்கும்போது யாருக்கும் தகவல் சொல்லாது. பெட்டியில் 1492 போட்டு மறுபடி இணைத்ததும், அதே 1472 பிங்குக்கு ரௌட்டரின் பெயரில் மேலே உள்ள வரி வந்தது. பேங்க் தளமும் திறந்தது. நேர வித்தியாசம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

சத்தமில்லாமல் தொலைவது அனுப்பும் திசையிலும் நடக்கிறது என்பதை இதில் கவனியுங்கள். போர்ட்டலில் படிவம் நிரப்பிய பிறகு ஃபோட்டோ ஏற்றும்போது மட்டும் நிற்கிறது என்றால் அது இந்தத் திசை. இங்கே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் உலாவி அனுப்பும் முதல் வணக்கம் சுமார் 500 பைட்தான், எப்படியும் போய்விடும். இப்போது குவாண்டம் கணினிக்கும் தாங்கும் புதிய சாவி முறையை குரோம் சேர்த்திருப்பதால், அதற்கு மட்டுமே 1184 பைட் கூடுகிறது. வணக்கமே ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகிறது, முதலாவது முழு அளவில். அதனால் பழைய தவறான அமைப்போடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீடுகளில்கூட, எதையும் மாற்றாமலே திடீரென்று சில தளங்கள் நிற்கலாம். குரோமில் நின்று, `curl`இல் மட்டும் ஓடுகிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டர் பாஸ்வேர்டு கையில் இல்லாதபோது நோயை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. உங்கள் கணினியில் மட்டும் தற்காலிகமாக அளவைக் குறையுங்கள். விண்டோஸில் நிர்வாகியாகத் திறந்த கட்டளைத் திரையில்:

```
netsh interface ipv4 set subinterface "Wi-Fi" mtu=1400 store=active
```

இப்போது கணினியே தொடக்கத்தில் 1360 என்று சொல்லிவிடும், ரௌட்டர் திருத்தாவிட்டாலும் பரவாயில்லை. உலாவியை முழுதாக மூடித் திறந்து, நின்ற தளத்தைப் பாருங்கள். திறந்தால் ஐயமே இல்லை, அளவுதான் காரணம். `store=active` என்று கொடுத்ததால் கணினியை மறுபடி தொடங்கியதும் பழைய அளவு வந்துவிடும். இதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் உள்ள ஃபோன், டிவி ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய முடியாது.

1492 போட்ட பிறகும் நின்றால் மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, ரௌட்டர் எம்எஸ்எஸ் திருத்தத்தைச் செய்கிறதா என்பது. கடையில் வாங்கும் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் தாமாகச் செய்யும். ஓபன்டபிள்யூஆர்டி போட்டிருந்தால் ஃபயர்வால் பக்கத்தில் வெளிப்பக்க மண்டலத்துக்கு `MSS clamping` டிக் ஆகியிருக்க வேண்டும். மைக்ரோடிக்கில் பிபிபி ப்ரொஃபைலில் `change-tcp-mss=yes` இருக்க வேண்டும். லினக்ஸ் கணினியையே ரௌட்டராக வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

சில ரௌட்டர்களில் எம்எஸ்எஸ்ஸைக் கையால் எழுதச் சொல்லும். அங்கே 1492 போடுகிறவர்கள் உண்டு. அங்கே 1452 வர வேண்டும். ஐபிவி6 என்றால் தலைப்பு 20 பைட் பெரியது, 1432. ஐபிவி6 உள்ள வீட்டில் இந்தத் திருத்தம் அதற்கும் தனியாகச் செயல்படுகிறதா என்று பாருங்கள். மேலே உள்ள வரி ஐபிவி4க்கு மட்டும்தான், `ip6tables` கொண்டு அதையே மறுபடி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, லாகின் உண்மையில் எங்கே ஆகிறது என்பது. உங்கள் வீட்டில் ஓஎன்டி பிரிட்ஜில் இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் பல வீடுகளில் ஓஎன்டியே லாகின் செய்துகொண்டு, பின்னால் இருக்கும் சொந்த ரௌட்டர் சாதாரணமாக ஐபி வாங்கிக்கொண்டிருக்கும். அப்போது தவறான எண் ஓஎன்டிக்குள் இருக்கும், அதன் பாஸ்வேர்டு லைன்மேனிடம் இருக்கும். அப்படியானால் உங்கள் ரௌட்டரின் வெளிப்பக்க `MTU`வை 1492 ஆக்கிவிடுங்கள். உங்கள் ரௌட்டரே முன்கூட்டித் திருத்திவிடும், ஓஎன்டியில் இருக்கும் தவறு வெளியே தெரியாது.

மூன்றாவது, வழியில் இன்னொரு உறை இருப்பது. ஊரில் ஒரு சிறு ஆபரேட்டரிடம் இணைப்பு வாங்கினால், அவர் உங்கள் லாகினை இன்னொரு சுரங்கத்துக்குள் வைத்துப் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பக்கூடும். அந்த உறைக்கும் இடம் வேண்டும். அப்போது 1464 பிங்கும் பதிலில்லாமல் போகும். 1400இல் பதில் வருகிறதா பாருங்கள். வந்தால் 1432, பிறகு 1448 என்று நடுவில் நடுவில் வைத்து, பதில் வரும் கடைசி எண்ணைப் பிடியுங்கள். அதோடு 28 கூட்டி வருவதுதான் பெட்டிக்குள் போகவேண்டியது. 1432 வரை பதில் வந்தால் 1460. பிங்கில் கண்ட 1432ஐயே பெட்டியில் எழுதினாலும் ஓடும், இடம்தான் கொஞ்சம் வீண்.

ஆனால் "எதற்கு வம்பு" என்று 1000, 1200 என்றெல்லாம் இறக்காதீர்கள். ஐபிவி6க்கு எந்தக் கண்ணியிலும் குறைந்தது 1280 இருந்தாக வேண்டும், அதற்குக் கீழே போனால் அது முறிந்துவிடும். ரௌட்டரில் ஏற்கெனவே 1480 என்று இருந்தால் அப்படியே விடுங்கள். சில தயாரிப்பாளர்கள் பிபிபிஓஇக்கு வேண்டுமென்றே அந்த அளவில் தருகிறார்கள், அது தவறில்லை. மறுபக்கம், 1500 எல்லா இடத்திலும் தவறு என்றும் சொல்ல முடியாது. உறைக்கான 8 பைட்டையும் சேர்த்து 1508 வரை சுமக்க இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு 2006 முதல் இருக்கிறது. உங்கள் நிறுவனம், ஓஎன்டி, ரௌட்டர் மூன்றும் அதற்குத் தயாராக இருந்தால் 1472 பிங்குக்கே பதில் வரும். பதில் வந்தால் 1500ஐ விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபிக்கு மட்டும்தான் உதவும் என்பதையும் மனதில் வையுங்கள். தளங்கள் எல்லாம் சரியாகி, அலுவலக விபிஎன் மட்டும் இணைந்த பிறகு உறைந்து நின்றால், அது யுடிபியில் போகிறதா என்று பாருங்கள். அதற்கு விபிஎன் மென்பொருளிலேயே தனியாக `MTU` இருக்கும், அங்கே 1400 அல்லது 1380 போட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

கஸ்டமர் கேரிடம் மறுபடி பேச வேண்டியிருந்தால் "சில சைட் வரலை" என்று சொல்லாதீர்கள். ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லி மூடிவிடுவார்கள். "பிபிபிஓஇ செஷனில் எம்டியு 1492 வைத்திருக்கிறேன். துண்டாக்காத பிங் 1432 வரை பதில் வருகிறது, 1464க்குப் பதிலே இல்லை, உங்கள் பக்கம் எம்டியு எவ்வளவு?" என்று உங்கள் எண்களோடு கேளுங்கள். முதலில் எடுப்பவருக்குப் புரியாமல் போகலாம். ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே புகாரில் எழுதச் சொன்னால், அடுத்து பார்க்கும் நெட்வொர்க் பிரிவுக்காரருக்குப் புரியும்.